எந்த இணைப்பு?

மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த மூன்றாம் நாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்துக்குக் கீழே உள்ள நான்கு வீடுகளில் கூரை ஒழுகியது. 2019-ல் லட்சக்கணக்கில் செலவழித்து நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்திருந்தோம். ஏழு வருட உத்தரவாதம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒப்பந்ததாரரை அழைத்தோம். அவர் வந்து பார்த்துவிட்டு, உத்தரவாதம் மூன்று வருடம்தான், அது 2022-லேயே முடிந்துவிட்டது என்றார்.

மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தோம். 2019 ஆகஸ்ட் 4 கூட்டத்தின் நான்காம் பொருளில் இப்படி இருந்தது: “மேல்தளப் பணிக்கு வரப்பெற்ற மூன்று விலைப்புள்ளிகள் பரிசீலிக்கப்பட்டன. இணைப்பில் கண்டுள்ளபடி இரண்டாவது நிறுவனத்துக்குப் பணி வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. இணைப்பைத் தேடிச் சங்கத்தின் பழைய கணினியைத் திறந்தால் `quote final.pdf` என்று ஒன்றும் `quote final new.pdf` என்று இன்னொன்றும் இருந்தன. முதலாவது ஜூலை 22 தேதியிட்டது, ரூ.6,84,000, மூன்று பூச்சு, ஏழு வருட உத்தரவாதம். இரண்டாவது ஆகஸ்ட் 2 தேதியிட்டது, ரூ.6,30,000, இரண்டு பூச்சு, மூன்று வருட உத்தரவாதம். விலையைக் குறைக்கச் சொல்லி நாங்கள்தான் பேரம் பேசியிருக்கிறோம். அவர் ஒரு பூச்சையும் நான்கு வருடத்தையும் சேர்த்தே குறைத்திருக்கிறார்.

கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர், திரையில் காட்டிய ஒப்பீட்டுப் பட்டியலில் ஏழு வருடம் என்றுதான் இருந்தது என்றார்கள். ஸ்லைடுகளைத் தயாரித்த உறுப்பினரிடம் கோப்பு இருந்தது. ஆனால் கூட்டத்துக்குப் பிறகு வேறொரு வேலைக்காக அதையே திருத்திப் பயன்படுத்தியிருந்தார். அன்று திரையில் என்ன தெரிந்தது என்று இன்று யாராலும் காட்ட முடியவில்லை. பழைய பட்டியலில் விலையை மட்டும் மாற்றிவிட்டு உத்தரவாதக் கட்டத்தை மாற்றாமல் விட்டிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்தை வைத்து யாரிடமும் பணம் கேட்க முடியாது. பழுதுபார்த்த செலவை வீட்டுக்காரர்களே பகிர்ந்துகொண்டோம்.

அந்தக் கூட்டத்தில்தான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, ‘இணைப்பில் கண்டுள்ளபடி’ன்னு எழுதியிருக்கீங்க. எந்த இணைப்பு? எங்க ஆபீஸ்ல பார்வை போடாம ஒரு கடிதம் வெளியே போகாது” என்றார்.

அவர் சொன்னது தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். மேலே “பொருள்” என்று ஒரு வரி. அதற்குக் கீழே “பார்வை” என்று 1, 2, 3 என எண்ணிட்ட பட்டியல். ஒவ்வொன்றிலும் யாருடைய கடிதம், என்ன எண், என்ன நாள். கடிதத்தின் உடலில் “பார்வை 2-ல் காணும் கடிதத்தில்” என்று எழுதினால் போதும், படிப்பவர் தடுமாற மாட்டார். கடிதத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, கூட்டக் குறிப்புக்கு வரும்போது ஏனோ காணாமல் போகிறது. அடுத்த வருடம் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் எண்ணிடுவது. எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுவது இணைப்பு 1, இணைப்பு 2 என்று கூட்டம் முழுவதற்கும் வரிசையாகப் போடுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் கூட்டத்திலேயே சிக்கியது. மூன்றாம் பொருளுக்கான மின்வாரியக் கடிதம் கடைசி நேரத்தில் வந்தது. அதை உரிய இடத்தில் செருகினால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களும் ஒன்று கூடும். அதற்குள் பழைய எண்களோடு காகிதங்கள் உறுப்பினர்களிடம் போய்விட்டன. ஒருவர் கையில் இணைப்பு 6 என்பது லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், இன்னொருவர் கையில் அது தண்ணீர் லாரிக் கணக்கு.

அதனால் எண்ணை நிகழ்ச்சி நிரலோடு கட்டிவிட்டோம். நான்காம் பொருளுக்கு வரும் முதல் காகிதம் இணைப்பு 4.1, அடுத்தது 4.2. எத்தனை தாமதமாக ஒன்று வந்தாலும் 4.5 என்று வால்பக்கம் சேரும். ஐந்தாம் பொருளின் எண் எதுவும் அசையாது. எண்ணைப் பார்த்தவுடனேயே இது எந்தப் பொருளுக்கு உரியது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த முறை நிலைக்க வேண்டுமானால், ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவோ வேறொன்றுக்குக் கொடுக்கவோ கூடாது. கூட்டத்தில் ஆறாம் பொருளை முதலில் எடுத்துப் பேசினாலும் அது ஆறாம் பொருள்தான்; மினிட்ஸில் “பொருள் 6, தலைவரின் ஒப்புதலுடன் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது” என்று எழுதினால் போதும். ஒரு பொருளை ஒத்திவைத்தால் அந்த எண் அப்படியே இருக்க, எதிரே “ஒத்திவைக்கப்பட்டது” என்று வரும். 4.3 என்ற காகிதத்தைக் கொடுத்தவர் திரும்பப் பெற்றுக்கொண்டால், பட்டியலில் 4.3-க்கு எதிரே “திரும்பப் பெறப்பட்டது” என்று இருக்கும். அந்த இடத்தை நிரப்ப 4.4-ஐ மேலே ஏற்றினால், பழைய நகலை வைத்திருப்பவரும் புதிய நகலை வைத்திருப்பவரும் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு காகிதங்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். நிரலில் இல்லாமல் கூட்டத்தில் எழுப்பப்படும் விஷயத்துக்கும் எண் வேண்டும். நிரல் ஏழோடு முடிந்திருந்தால் அது எட்டாம் பொருள். அதற்கான காகிதம் 8.1. “இதர விஷயங்கள்” என்ற ஒரே தலைப்பில் ஐந்து முடிவுகளைக் கொட்டிவைப்பதுதான் பிற்காலத்தில் எதுவும் கிடைக்காமல் போவதற்கு வழி.

ஒரே அறிக்கை இரண்டு பொருள்களுக்குத் தேவைப்படுவதும் உண்டு. தணிக்கையாளரின் அறிக்கை கணக்கு நிறைவேற்றத்துக்கும் வேண்டும், பராமரிப்புக் கட்டண உயர்வுக்கும் வேண்டும். அதற்கு இரண்டு எண் கொடுக்காமல், முதலில் வரும் பொருளின் எண்ணைக் கொடுத்துவிட்டு, மற்ற இடத்தில் “இணைப்பு 2.1, பக்கம் 7 காண்க” என்று சுட்டுகிறோம். இரண்டு எண் கொடுத்தால், ஒரு நகலில் திருத்தம் ஏறி இன்னொன்றில் ஏறாமல் போகும்.

எண் மட்டும் போதாது. எண் தப்பாக அச்சாகலாம், அட்டை கிழியலாம். மினிட்ஸில் முதன்முறை சுட்டும்போது அந்தக் காகிதத்தின் பெயர், தயாரித்தவர், அதன் தேதி, பக்க எண்ணிக்கை ஆகியவை எண்ணோடு சேர்ந்து வர வேண்டும். 2019-ல் எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

“பொருள் 4: மேல்தள நீர்க்கசிவுத் தடுப்புப் பணி. மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் (இணைப்பு 4.1, 4.2, 4.3) முன்வைக்கப்பட்டன. இரண்டாவது நிறுவனம் 22.07.2019 அன்று அளித்த விலைப்புள்ளிக்குப் பதிலாக 02.08.2019 தேதியிட்ட திருத்திய விலைப்புள்ளியை (இணைப்பு 4.4, 3 பக்கங்கள்) அளித்தது. பொருளாளர் ஒப்பீட்டுப் பட்டியலைத் திரையில் விளக்கினார் (இணைப்பு 4.5, ஸ்லைடு 9). இணைப்பு 4.4-ன்படி ரூ.6,30,000-க்கு, இரண்டு பூச்சு, மூன்று வருட உத்தரவாதத்துடன் பணியை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.”

கடைசி வாக்கியத்தில் தொகையையும் உத்தரவாதத்தையும் மீண்டும் எழுதியிருப்பது வேண்டுமென்றே செய்தது. முடிவு தன் காலில் நிற்க வேண்டும். இணைப்பு தொலைந்தாலும் யாருக்கு, எவ்வளவுக்கு, எந்த நிபந்தனையில் என்பது மினிட்ஸிலேயே இருக்க வேண்டும். விவரமும் ஆதாரமும் இணைப்பில் இருக்கட்டும். முடிவை அங்கே ஒளித்துவைக்கக் கூடாது. இப்படி எழுதும்போது இன்னொரு பயனும் கிடைக்கிறது. மூன்று வருடம் என்று செயலாளர் சத்தமாக வாசித்திருந்தால், திரையில் ஏழு வருடம் என்று பார்த்தவர் யாராவது அன்றே கையைத் தூக்கியிருப்பார்.

அந்தப் பத்தியில் “முன்வைக்கப்பட்டன” என்ற சொல்லும் முக்கியம். ஒரு அறிக்கையை மினிட்ஸோடு இணைத்துவிட்டால் கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடப் பொறியாளர் ஒருவர் எங்களுக்கு 26 பக்க அறிக்கை தந்தார். அதில் 11 பரிந்துரைகள். கூட்டம் ஏற்றது மூன்றை மட்டும். “பொறியாளர் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது” என்று மட்டும் எழுதியிருந்தால், மீதி எட்டையும் சங்கம் ஏற்றுவிட்டுச் செய்யாமல் விட்டது என்று நாளை ஒருவர் வாதாடலாம். ஒவ்வொரு காகிதத்தையும் கூட்டம் என்ன செய்தது என்று வினைச்சொல் சொல்ல வேண்டும்: பார்வைக்கு வைக்கப்பட்டதா, குறித்துக்கொள்ளப்பட்டதா, முழுமையாக ஏற்கப்பட்டதா, பகுதி ஏற்கப்பட்டதா. பகுதி என்றால் எந்தப் பக்கம், எந்தப் பரிந்துரை எண். “அறிக்கையின் (இணைப்பு 5.1) பரிந்துரை 2, 3, 7 ஏற்கப்பட்டன, மற்றவை அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்” என்று எழுதினோம். இரண்டு வரிகள்தான்.

ஸ்லைடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதத்துக்கு இல்லாத குணம் அவற்றுக்கு உண்டு. கூட்டம் முடிந்த பிறகும் அவை மாறிக்கொண்டே இருக்கும். காட்டியவர் வீட்டுக்குப் போய் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவார், ஒரு படத்தை மாற்றுவார், அப்புறம் “இதுதான் நல்ல பிரதி” என்று செயலாளருக்கு அனுப்புவார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கூட்டம் பார்த்தது அதுவல்ல. எனவே திரையை அணைக்கும் முன், காட்டிய கோப்பையே பிடிஎஃப் ஆக்கி வாங்கிவிடுகிறோம். இணைய இணைப்பைக் கொடுத்துவிட்டு “இதில் இருக்கிறது” என்று எழுதுவதையும் நிறுத்தினோம். அந்த முகவரி இன்றைய வடிவத்தைத்தான் திறக்கும், கூட்டத்தன்றைய வடிவத்தை அல்ல. கோப்பை வைத்திருந்தவர் வீட்டை விற்றுக்கொண்டு போய், தன் கணக்கையும் மூடிவிட்டால் அதுவும் திறக்காது.

ஸ்லைடு எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். ஸ்லைடுகளில் சிலவற்றை மறைத்துவைக்க முடியும். மறைத்தவற்றை விட்டுவிட்டுப் பிடிஎஃப் எடுத்தால், ஸ்லைடின் மூலையில் 14 என்று அச்சாகியிருப்பது பிடிஎஃப்பில் 12-ஆம் பக்கமாக இருக்கும். மினிட்ஸில் 14 என்று இருக்கிறது, கோப்பில் 14-ஆம் பக்கத்தைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. ஆகவே ஸ்லைடு எண் அச்சாகும்படி முன்கூட்டியே அமைக்கச் சொல்லி, அந்த அச்சான எண்ணையே சுட்டுகிறோம். தலைப்பையும் சேர்க்கிறோம்: “ஸ்லைடு 9, ‘மூன்று விலைப்புள்ளிகள் ஒப்பீடு’”. எண் பிசகினாலும் தலைப்பு காப்பாற்றும். எக்செல் தாளைத் திரையில் காட்டினால், அப்போது தெரிந்த தாளை அச்செடுத்து அதற்கு எண் கொடுக்கிறோம்.

கோப்பின் பெயரும் இதே கதைதான். “இறுதி”, “புதிய இறுதி” என்பவை பெயர்கள் ஆகா. அடுத்த வாரம் இன்னொரு இறுதி வரும். கூட்டத் தேதி, பொருள் எண், வரிசை எண், விஷயம், காகிதத்தின் சொந்தத் தேதி என்ற வரிசையில் வைக்கிறோம்:

```
2019-08-04_04-02_terrace-quote-B_2019-07-22.pdf
2019-08-04_04-04_terrace-quote-B_2019-08-02.pdf
2019-08-04_04-05_slides-compare_2019-08-04.pdf
```

தேதியை வருடத்தில் தொடங்குவதால் கூட்டங்கள் கால வரிசையில் தானாக நிற்கும். 4 என்பதை 04 என்று எழுதுவது, சில கணினிகள் 10-ஐ 2-க்கு முன்னால் வைத்துவிடுவதால். இரண்டு தேதிகள் இருப்பது சிலருக்கு மிகையாகத் தோன்றும். எங்களை ஏமாற்றியது அந்த இரண்டாம் தேதி இல்லாததுதான்.

இனி எதிர்த் திசை. மினிட்ஸிலிருந்து இணைப்புக்குப் போக வழி செய்துவிட்டோம். இணைப்பு மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால், அது எந்தக் கூட்டத்தில் எந்த முடிவுக்காக வைக்கப்பட்டது என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொரு இணைப்பின் முதல் பக்கத்திலும் வலது மேல் மூலையில் கூட்டத் தேதி, இணைப்பு எண், மொத்தப் பக்கம் ஆகியவற்றை எழுதி, தலைவரோ செயலாளரோ சுருக்கொப்பம் இடுகிறார். இது நான் கண்டுபிடித்ததல்ல. இந்தியக் கம்பெனிகளின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள செயலகத் தரநிலை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குழுவின் முன் வைக்கப்பட்டு மினிட்ஸில் சுட்டப்படும் எந்த ஆவணத்திலும் கம்பெனி செயலரோ தலைவரோ சுருக்கொப்பமிட்டு அடையாளப்படுத்த வேண்டும். நிகழ்ச்சி நிரலின் பொருள்களுக்கு வரிசை எண் இட வேண்டும் என்றும் அது சொல்கிறது. குடியிருப்போர் சங்கத்தை அந்தத் தரநிலை கட்டுப்படுத்தாது. நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ள யாருடைய உத்தரவும் தேவையில்லை.

கம்பெனிச் சட்ட விதிகளில் இன்னொரு தடையும் உண்டு: மினிட்ஸைத் தட்டச்சு செய்து புத்தகத்தில் ஒட்டக் கூடாது. ஒட்டியதைப் பிய்த்து வேறொன்றை ஒட்டலாம் என்பதே காரணம். இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது, இணைப்புகளை மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டாமல், கூட்டத்துக்கு ஒரு தனிக் கோப்பில் வைப்பது. மினிட்ஸின் கடைசிப் பக்கத்தில் இணைப்புகளின் பட்டியல் இருக்கும். ஏழு இணைப்பு என்று அங்கே எழுதி அதன் கீழ் கையெழுத்து இருந்தால், எட்டாவதாக ஒன்றைப் பிற்பாடு நுழைக்கவோ ஆறாவதை உருவவோ முடியாது. கடை ரசீதுகள் சில மாதங்களில் எழுத்து மங்கும் வெப்பத் தாளில் வருகின்றன. அவற்றின் நகலைத்தான் கோப்பில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பவும் கூடாது. பராமரிப்புக் கட்டண பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல், கட்டணச் சலுகை கேட்டு ஒருவர் தந்த மருத்துவச் சான்று போன்றவற்றுக்கும் எண் உண்டு, பட்டியலில் இடமும் உண்டு. அவற்றுக்கு எதிரே “செயலாளர் பொறுப்பில், சுற்றுக்கு விடப்படவில்லை” என்று எழுதுகிறோம். காகிதம் இருந்தது என்பது பதிவாகும். ஒருவருடைய நோய் வாட்ஸப்பில் சுற்றாது.

கூட்டத்துக்குப் பிறகு இணைப்பில் பிழை கண்டால் என்ன செய்வது? கை துறுதுறுக்கும், சரியான தாளை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துவிடலாம் என்று. ஐக்கிய நாடுகள் சபை இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. அந்த ஆவணம் மாறினால், மூலக் குறியீடு அப்படியே இருக்க, பின்னால் ஒரு வால் சேரும்: கூடுதல் பகுதிக்கு `Add.1`, பிழைதிருத்தத்துக்கு `Corr.1`, முழுதும் மாற்றி எழுதியதற்கு `Rev.1`. நாங்கள் “இணைப்பு 4.5 – திருத்தம் 1” என்று எழுதுகிறோம். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். திருத்தம் அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட்டு, “கடந்த கூட்டத்தின் இணைப்பு 4.5-ல் உத்தரவாதக் காலம் தவறாகக் காட்டப்பட்டது” என்று மினிட்ஸில் ஏறும். அந்தத் தவற்றை நம்பி முடிவெடுத்திருந்தால், முடிவையே மறுபரிசீலனை செய்ய அங்கே வாய்ப்பும் கிடைக்கும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்பார்கள். கூட்டத்துக்கு முன் அரைமணி, பின் அரைமணி. எண்ணை நிரல் அனுப்பும்போதே போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, கூட்டத்தில் பேசுகிறவர்களே “4.4-ஐப் பாருங்கள்” என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெரியவர் கோப்பறைக்கு வருவார். கண்ணை மூடி ஒரு இணைப்பை உருவி, “இது எந்த முடிவுக்கு?” என்பார். அடுத்து மினிட்ஸில் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டி, “இதுக்கு ஆதாரம் எங்கே?” என்பார். இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவு. சென்ற முறை ஒன்று சிக்கியது: ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம், இணைப்பு 6.2, பட்டியலில் நான்கு பக்கம் என்று இருந்தது. கோப்பில் மூன்றுதான் இருந்தது. நான்காம் பக்கத்தில்தான் உத்தரவாத விதிகள் இருந்தன. நகலெடுக்கும்போது பின்பக்கம் விட்டுப்போயிருக்கிறது. நிறுவனம் இன்னும் ஒப்பந்தத்தில் இருந்ததால் அன்றே கேட்டு வாங்கினோம்.

உங்கள் சங்கத்தின், கூட்டுறவின், பள்ளி மேலாண்மைக் குழுவின் கடைசி மினிட்ஸை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். “இணைப்பில் கண்டுள்ளபடி” என்று எங்கேனும் இருந்தால், அது எந்த இணைப்பு என்று செயலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.